தலைகீழாகத் திருப்பினாலும் அதே பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயரை இப்படி வரைந்து கொடுக்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் வரைவதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசியிருக்கிறேன், ஏனென்றால் சந்தேகங்களும் அங்கேதான் அதிகம். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் படிப்பது எளிது.

இது கண்ணாடியில பார்க்கிற எழுத்து மாதிரிதானே?

இல்லை. கண்ணாடி இடத்தை வலமாக்கும், மேலும் கீழும் அப்படியே இருக்கும். நாம் செய்வது தாளை மேசையிலிருந்து தூக்காமல் அரைச்சுற்று, அதாவது 180 பாகை, சுழற்றுவது. அப்போது மேல் கீழாகும், இடம் வலமாகும், இரண்டும் சேர்ந்தே நடக்கும். பெயரின் கடைசி எழுத்து முதலிடத்துக்கு வந்து தலைகீழாக நிற்கும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இத்தகைய வடிவத்துக்கு ஆம்பிகிராம் என்று பெயர். 1980களில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டேட்டர் என்ற அமெரிக்க அறிஞர் வழியாகப் பரவிய சொல் இது. கண்ணாடி வகையும் ஆம்பிகிராமில் அடங்கும். இந்தப் பக்கத்தில் சுழற்சி வகையை மட்டும் பார்க்கிறோம்.

அப்போ ஒவ்வொரு எழுத்தும் தலைகீழா அதே எழுத்தாவே தெரியணுமா?

தேவையில்லை. முதலில் இருப்பது கடைசியில் இருப்பதாக மாற வேண்டும், இரண்டாவது கடைசிக்கு முந்தியதாக மாற வேண்டும், அவ்வளவுதான். ஆகவே எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், ஜோடியாகப் பாருங்கள். நான்கு துண்டுகள் உள்ள பெயருக்கு இரண்டே ஜோடிகள். அந்த இரண்டு வடிவங்களைக் கண்டுபிடித்துவிட்டால் மறுபாதி தானாக வந்துவிடும்.

தன்னைத் தானே ஒத்திருக்க வேண்டிய கட்டாயம், துண்டுகள் ஒற்றைப்படையாக இருக்கும்போது நடுவில் நிற்பதற்கு மட்டுமே உண்டு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தமிழ் எழுத்துல இது வருமா? ஆங்கிலத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன்.

வரும். அதற்கு வழி திறப்பது துணைக்கால். ‘ப’ என்று ஒரு தாளில் பெரிதாக எழுதித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கீழே தரை, இருபுறமும் சுவர், மேலே திறப்பு என்று இருந்தது இப்போது மேலே கூரை, இருபுறமும் சுவர், கீழே திறப்பு என்று ஆகிவிடும். அது அச்சு அசலாகத் துணைக்கால். ஆகவே ‘பா’ என்பதைத் திருப்பினால் மறுபடி ‘பா’தான். ‘பாபா’வும் அப்படியே. எதையும் வளைக்காமல், நெளிக்காமல், தமிழ் நமக்கு இலவசமாகத் தரும் ஆம்பிகிராம் அது.

இதை வைத்து நான் எழுத்துகளை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொள்கிறேன். ப, ம, ய, ட ஆகியவை தரை உள்ளவை, கீழ்க்கோட்டின்மேல் நிற்பவை. துணைக்காலும் ர-வும் கூரை உள்ளவை, மேல்கோட்டிலிருந்து தொங்குபவை. திருப்பினால் தரை கூரையாகும். பெயரில் தரை, கூரை, தரை, கூரை என்று மாறி மாறி வந்தால் வேலை எளிதாக முடியும். பாமா, மாயா, மாமா, பாபா எல்லாம் அந்த வரிசைதான்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற பழைய கணினி நிறுவனத்தின் சின்னமும் இதே தந்திரத்தில் பிறந்தது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் வாகன் பிராட் வடிவமைத்தது. ஆங்கிலத்தின் சிறிய ‘யூ’, ‘என்’ இரண்டும் ஒன்றையொன்று திருப்பினால் கிடைப்பவை, நம் ப-வும் துணைக்காலும் போல. அவற்றை அடுக்கியே அந்தச் சதுரம் முழுவதையும் கட்டியிருப்பார். கால்வட்டம் சுழற்றினாலும் அதே பெயர் தெரியும்.

என் பேர் ஒத்து வருமான்னு வரையறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். பெயரை எழுத்தாக எண்ணாமல் துண்டாக எண்ணுங்கள். ‘பாமா’ இலக்கணப்படி இரண்டு எழுத்து. நமக்கு அது நான்கு துண்டு: ப, கால், ம, கால். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அதேபோலத் தனித் துண்டுகள், எழுத்துக்கு முன்னால் வருபவை. ‘பி’, ‘மு’ போன்றவற்றில் குறி உடலோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றை ஒரே துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதலையும் கடைசியையும் கோடு போட்டு இணையுங்கள், அடுத்து அதற்கு உள்ளே இருப்பவற்றை. பாமாவில் முதல் ஜோடி ப-வும் காலும். அது ஏற்கெனவே தீர்ந்த கணக்கு. உள் ஜோடி காலும் ம-வும். ஆக, நேராகப் பார்த்தால் காலாகவும் தலைகீழாகப் பார்த்தால் ம-வாகவும் தெரியும் ஒரே ஒரு வடிவம் கிடைத்தால் போதும், பெயர் முடிந்தது. இப்படிச் சுருக்கிப் பார்த்தபின் ‘வருமா வராதா’ என்ற பெரிய கேள்வி ஒரு சின்ன வடிவத்தைத் தேடும் வேலையாகிவிடும்.

சரி, அந்த ஒரு வடிவத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு எழுத்துக்கும் பொதுவானது எது, மிச்சம் எது என்று பாருங்கள். ம-வை எழுதும்போது கை போகும் வழியைக் கவனியுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழே இறங்குகிறது, தரையில் வலப்பக்கம் போகிறது, மேலே ஏறுகிறது. இதுவரை அது ப-தான். அதற்குப் பிறகுதான் உச்சியில் உள்பக்கமாக வளைந்து மறுபடி தரைக்கு இறங்குகிறது. ஆக, ம என்பது ப-வோடு வலப்பக்க உச்சியில் ஓர் உள்வளைவு.

ப-வைத் திருப்பினால் கால் என்று பார்த்தோம். அப்படியானால் ம-வைத் திருப்பினால் காலோடு இடப்பக்க அடியில் ஓர் உள்வளைவு வரவேண்டும். எனவே காலை வரையும்போது இடப்பக்கக் கோட்டைக் கீழே நிறுத்தாமல், உள்ளே வளைத்து மேல்நோக்கி ஏற்றிவிடுங்கள். நேராகப் பார்ப்பவருக்கு அது கொஞ்சம் அலங்காரமான துணைக்கால். திருப்பிப் பார்ப்பவருக்கு ம.

மாயாவுக்கும் இதே வழி. முதல் ஜோடி ம-வும் காலும், அதை இப்போதுதான் தீர்த்தோம். உள் ஜோடி காலும் ய-வும். ய-வை ப-வின் உள்ளே எழுந்து நிற்கும் இன்னொரு கோடாக எடுத்துக்கொண்டால், காலின் கூரையிலிருந்து உள்ளே ஒரு மெல்லிய கோட்டைத் தொங்கவிட்டாலே போதும்.

நீங்க சொன்ன மாதிரியே வளைச்சேன். ஆனா பாமாவை ‘பனமா’ன்னு படிக்கிறாங்களே?

எனக்கும் முதல் தடவை இதுதான் நடந்தது. உள்வளைவை அழகாக முழுவட்டமாக மூடியிருந்தேன். இடப்பக்கம் ஒரு சுழி, மேலே கூரை, வலப்பக்கம் ஒரு கோடு என்றால் தமிழ்க் கண்ணுக்கு அது ‘ன’. துணைக்காலில் யாரும் சுழியை எதிர்பார்ப்பதில்லை.

வளைவின் முனையைக் கூரையில் தொடவிடாமல் நிறுத்துங்கள். இடைவெளி, கோட்டின் தடிமன் அளவுக்காவது இருக்கட்டும். அதோடு வளைந்து ஏறும் பகுதியை மற்றக் கோடுகளில் பாதித் தடிமனுக்கு இளைத்துவிடுங்கள். நேராகப் பார்க்கும்போது அந்த மெல்லிய முனை பின்வாங்கி, கூரையும் வலப்பக்கக் கோடும் முன்னால் வரும், கால் கிடைத்துவிடும். தலைகீழாகப் பார்க்கும்போது ம-வின் உள்கோடு தரையைத் தொடாமல் நிற்கும். ஆனால் உச்சியில் வளைவைக் கண்டவுடனேயே அது ம என்று கண் முடிவு செய்துவிடுவதால் அந்த இடைவெளியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்றும் செய்யலாம். முதலில் நிற்கும் ப-வின் வலப்பக்க உச்சியிலும் சிறிதாக ஒரு கொக்கி கொடுங்கள், உள்ளே இறங்காத அளவுக்கு. சுழற்சியில் கடைசிக் காலுக்கும் அதே கொக்கி வந்துவிடும். நான்கு துண்டிலும் வளைவின் சாயல் இருக்கும்போது, இந்தக் கை இப்படித்தான் எழுதும் என்று கண் பழகிக்கொள்ளும். ஒரே ஒரு துண்டில் மட்டும் வளைவு இருந்தால் அதற்கு ஏதோ பொருள் இருப்பதாக நினைத்து வேறு எழுத்தாகப் படிக்கும்.

கணினியில வரையறப்ப மறுபாதியைத் தனியா வரையணுமா?

வேண்டாம், வரையவே கூடாது. பாதியை மட்டும் வரைந்து மறுபாதியைச் சுழற்றிய நகலாக வையுங்கள். இரண்டையும் கையால் வரைந்தால் எங்கேயோ ஒரு மயிரிழை பிசகும், திருப்பியதும் அது பளிச்சென்று தெரியும். தாளில் செய்வதென்றால் நடுப்புள்ளியில் ஒரு ஊசியைக் குத்தி, மேலே இருக்கும் படியெடுக்கும் தாளைச் சுற்றிவிடுவது இதே வேலை. இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் பாதி வடிவத்தைத் தேர்ந்தெடுத்து `Alt+D` கொடுத்தால் குளோன் கிடைக்கும். அதை 180 பாகை சுழற்றி வைத்துவிட்டால், மூலத்தில் எதைத் திருத்தினாலும் மறுபக்கமும் உடனே திருந்தும்.

பாமாவின் எலும்புக்கூடு இதோ. ஓர் உரைக் கோப்பில் ஒட்டி `bama.svg` என்று சேமித்து உலாவியில் திறந்து பாருங்கள்.

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 400 100">
  <g id="a" fill="none" stroke="black" stroke-width="10">
    <path d="M20 20 V80 H80 V20"/>
    <path d="M185 80 V20 H115 V68 Q115 80 130 80 Q145 80 145 68 V35"/>
  </g>
  <use href="#a" transform="rotate(180 200 50)"/>
</svg>
```

முதல் `path` ப, இரண்டாவது உள்வளைவு கொண்ட கால். `use` வரிதான் மற்ற இரண்டு துண்டுகளையும் தருகிறது. `V35` என்பது வளைவின் முனை நிற்கும் இடம். அதை `V20` ஆக்கினால் வளைவு கூரையோடு ஒட்டிக்கொள்ளும், முந்தைய கேள்வியில் சொன்ன ‘பனமா’ வந்து நிற்பதை நீங்களே பார்க்கலாம். தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதால் இது இறுதி வடிவம் இல்லை. அமைப்பு சரியா என்று பார்க்க இது போதும்.

ஒரு எச்சரிக்கை. மென்பொருளில் ‘மேல்கீழாகப் புரட்டு’ என்பதை மட்டும் அழுத்திவிட்டு ‘சரியாக வரவில்லை’ என்பவர்கள் நிறைய. அது கண்ணாடி பிம்பம். மேல்கீழும் இடவலமும் இரண்டும் புரட்டினால்தான் அரைச்சுற்று.

எண்ணிப் பார்த்தா நடுவுல ஒண்ணு தனியா நிக்குது. அதை என்ன செய்யறது?

அதுதான் தன்னைத் தானே ஒத்திருக்க வேண்டிய துண்டு. ‘பாப்பா’வை எடுத்துக்கொள்வோம்: ப, கால், ப், ப, கால். ஐந்து துண்டு. முதலும் ஐந்தும் பொருந்துகின்றன. இரண்டாவது காலும் நான்காவது ப-வும் பொருந்துகின்றன. நடுவில் இருக்கும் ‘ப்’ மட்டும் திருப்பினால் கூரையாகி, புள்ளி அடியில் போய்விடுகிறது.

இங்கே தரையைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். இரண்டு நிலைக்கோடுகள், சரியாக நடு உயரத்தில் ஒரு குறுக்குக்கோடு, ஏணியில் ஒற்றைப்படி போல. குறுக்குக்கோட்டுக்கு மேலே இருப்பது ப. கீழே இருப்பது அந்த நிலைக்கோடுகளின் நீட்சி. திருப்பினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், படிப்பது அதேதான். கீழே நீள்வது உறுத்தாமல் இருக்க, நிலைக்கோடுகளின் இரு முனைகளையும் இளைத்து, குறுக்குக்கோட்டைத் தடிமனாக்குங்கள். தடித்த தரையைத்தான் கண் பற்றிக்கொள்ளும். பக்கத்துத் துண்டுகளின் தரையும் கூரையும் அதே தடிமனில் இருந்தால் இன்னும் நல்லது.

புள்ளி வெச்ச எழுத்து இருந்தா திருப்பும்போது புள்ளி கீழ போயிடுதே?

போகும், தடுக்க முடியாது. கீழே போன புள்ளிக்கு அங்கே ஒரு வேலை கொடுப்பதுதான் வழி. எனக்கு மிகவும் பிடித்த வேலை ர-வின் வால். ர என்பது கிட்டத்தட்ட துணைக்காலும் அடியில் ஒரு சாய்ந்த வாலும். ‘ப்’ என்பதைத் திருப்பினால் காலும் அடியில் ஒரு புள்ளியும். அந்தப் புள்ளியை வட்டமாக வைக்காமல் சாய்ந்த சிறு கீற்றாக, உடலை விட்டு மயிரிழை விலக்கி வரைந்தால், ஒரு பக்கம் ‘ப்’, மறுபக்கம் ‘ர’. மெய்யெழுத்துக்கு எதிர் இடத்தில் ர வரும் பெயராக அமைந்தால் அது அதிர்ஷ்டம்.

அப்படி அமையாவிட்டால் கீழேயும் புள்ளி வைத்துச் சமன் செய்யலாம், மேலே உள்ள பாப்பாவில் அதைத்தான் செய்தாக வேண்டும். ஒரே ஒரு கீழ்ப்புள்ளி பிழை மாதிரி தெரியும். அதனால் பெயரைச் சுற்றி மேலும் கீழும் சீராகச் சில சிறிய புள்ளிகளை ஓடவிட்டு, உண்மையான புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக, எழுத்துக்கு நெருக்கமாக வையுங்கள். புள்ளியையே விட்டுவிடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ‘பாப்பா’ அப்போது ‘பாபபா’ ஆகிவிடும், அது வேறு சொல்.

பொருந்துது, ஆனா பார்க்க ஒரு பக்கம் கனமா, கோணலா இருக்கே?

எழுத்துருவில் இருக்கும் அளவுகளை அப்படியே எடுத்தால் இது நடக்கும். அச்செழுத்தில் ப-வின் அகலமும் துணைக்காலின் அகலமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆம்பிகிராமில் இரண்டும் ஒரே வடிவம் என்பதால் ஓர் அளவுக்கு ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ப-வைக் கொஞ்சம் ஒடுக்கி, காலைக் கொஞ்சம் அகட்டி, நடுவில் நில்லுங்கள்.

தடிமனிலும் அப்படித்தான். தரை உள்ள எழுத்துக்கு அடிப்பக்கம் தடித்தால் நிலையாக உட்காரும். ஆனால் திருப்பியதும் அதே தடிமன் கூரையில் ஏறி உட்காரும். நான் தரைக்கும் கூரைக்கும் ஒரே தடிமன் கொடுத்துவிட்டு, வேறுபாட்டை நிலைக்கோடுகளில் மட்டும் காட்டுவேன். இடைவெளிகளைச் சரிபார்க்க, எழுத்தைப் பார்க்காமல் எழுத்துகளுக்கு இடையே இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். தரையும் கூரையும் மாறி மாறி வருவதால் வெள்ளை மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி என்று ஓடும். மேலே இருக்கும் கோப்பில்கூடத் துண்டுகளுக்கு இடையே இருபுறமும் 35, நடுவில் 30 என்று வைத்திருக்கிறேன். நடுவில் இரண்டு முழு நிலைக்கோடுகள் முதுகோடு முதுகாக நிற்கின்றன. உங்கள் கண்ணுக்கு அங்கே நெருக்கமாகத் தெரிந்தால் 30-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் என் பேர், திருப்பினா அவங்க பேர், அப்படிப் பண்ண முடியுமா?

முடியும், உழைப்பு இரட்டிப்பு. ஒரே பெயரில் நான்கு துண்டுக்கு இரண்டு வடிவம் போதும். இரண்டு பெயரில் நான்கு துண்டுக்கும் நான்கு வடிவம் தேட வேண்டும், சுழற்றிய நகல் கைகொடுக்காது. ஆனால் ஒரு சலுகை உண்டு: நடுத்துண்டு தன்னையே ஒத்திருக்க வேண்டியதில்லை. துண்டு எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டுமே இதில் இறங்குவேன்.

எந்தப் பேருக்குமே முடியாதுன்னு சொல்லுவீங்களா?

சொல்வேன். இரட்டைக்கொம்பில் தொடங்கி சுழியில்லாத மெய்யெழுத்தில் முடியும் பெயர் என்றால், சுழிகள் எல்லாம் ஒரே முனையில் குவிந்துவிடும். எதிர் முனையில் அந்தச் சுழிகளை ஒளித்துவைக்க இடம் இருக்காது. அப்போது செல்லப்பெயரோ முதலெழுத்தோ எடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஆங்கில எழுத்திலும் எழுதிப் பார்க்கலாம். பெரிய எழுத்துகளில் எச், ஐ, என், ஓ, எஸ், எக்ஸ், இஸட் ஆகிய ஏழும் அரைச்சுற்றில் அப்படியே நிற்பவை, எம்-மும் டபிள்யூ-வும் ஒன்றுக்கொன்று ஜோடி. ஆனால் தமிழில் தீரும் பெயரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் விருப்பம்.

எனக்கு நல்லாப் படிக்க வருது, மத்தவங்களுக்கு வரல. யாரு சரி?

அவர்கள்தான். வரைந்தவருக்குப் பெயர் ஏற்கெனவே தெரியும், அதனால் அவர் படிப்பதில்லை, நினைவுகூர்கிறார். பெயர் தெரியாத ஒருவரிடம் நேராக மட்டும் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு வேறொருவரிடம் தலைகீழாக மட்டும் காட்டுங்கள். ஒருவரிடமே இரண்டையும் காட்டினால் இரண்டாவது தடவை பயனில்லை. கைப்பேசியில் காட்டுவதென்றால் திரை தானாகச் சுழல்வதை முதலில் நிறுத்திவிடுங்கள்.

தவறாகப் படித்தால் ‘எப்படித் தெரியுது’ என்று கேட்டு, அவர் சொன்ன எழுத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ‘பனமா’ என்று ஒருவர் சொன்னதால்தான் வளைவின் முனையை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிந்தது. ‘புரியல’ என்று மட்டும் சொன்னால், எந்தத் துண்டில் கண் நின்றது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஜோடியை மட்டும் அழித்துத் திரும்ப வரைந்தால் போதும்.